ஒரு ரைடுக்கு ஒரு வரி: ஆட்டத்தின் வீடியோவை எண்ணி எழுதுவது

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட் கையில் இருக்கும். யாருக்கு எத்தனை புள்ளி, எப்போது லோனா விழுந்தது என்பதெல்லாம் அதிலேயே தெரியும். ஆனால் அடுத்த நாள் பயிற்சியில் அணியை உட்காரவைத்துப் பேச அது போதாது. புள்ளி விழாத ரைடில் என்ன நடந்தது, பிடிக்கப் போனவர் யார், அந்த நேரத்தில் மேட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை ஸ்கோர் ஷீட் சொல்லாது. அதற்கு வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு ரைடையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். மாவட்ட அளவில் ஆடும் ஓர் ஆண்கள் அணி, கைபேசியில் எடுத்த 40 நிமிட ஆட்டத்தை எப்படி எண்ணுவது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

வேலையின் அளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ரைடுக்கு அதிகபட்சம் 30 வினாடி. அதனால் முழு ஆட்டத்துக்கு இரு அணிக்கும் சேர்த்து எண்பதை ஒட்டி வரிகள் வரும். சட்டென்று தொட்டுத் திரும்பும் ரைடர்கள் இருந்தால் இன்னும் கூடும். ஒரு மாலையில் முடிகிற வேலைதான். எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பார்த்து எழுத முயன்றால்தான் இழுத்துக்கொண்டே போகும். முதல் சுற்றில் ரைடர், புள்ளி, மேட்டில் நின்றவர் எண்ணிக்கை இவற்றை மட்டும் எழுதுங்கள். எண்ணிக்கை ஸ்கோரோடு ஒத்துப்போன பிறகு, பிடி நடந்த ரைடுகளுக்கு மட்டும் திரும்பிப் போய் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கணினியில் VLC இருந்தால் E விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். கால் முதலில் கோட்டைத் தாண்டியதா, கை முதலில் பட்டதா என்று பார்க்க அது போதும்.

ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது கேமரா நிற்கும் இடம். எண்ட் லைனுக்குப் பின்னால் தரையில் நின்று எடுத்தால், தடுப்பவர்களின் முதுகுதான் தெரியும். ரைடரின் கால் தெரியாது. மேட்டின் பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக, ஒரு மேஜை மேலோ கேலரியின் மேல் படியிலோ நின்று எடுக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கத்து பாக் லைனும் போனஸ் கோடும் ஆட்களுக்கு இடையே தெரியும். ரைடரைத் துரத்திக்கொண்டு ஜூம் செய்யக் கூடாது. ஜூம் செய்தால் மற்ற பக்கத்தில் யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்பது படத்தில் விழாது. நமக்கு மிக அதிகம் தேவைப்படுவது அதுதான். எடுப்பவர் ஒவ்வொரு ரைடு முடிந்ததும் ஸ்கோரைக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தால், எண்ணுபவருக்குப் பாதி வேலை குறையும்.

வரியில் என்னென்ன

ஒரு நோட்டிலும் எழுதலாம். ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதினால் கூட்டுவது எளிது. பத்தி A-யில் வரிசை எண், B-யில் வீடியோ நேரம், C-யில் எந்த அணி ரைடு போனது (நம் அணிக்கு ‘நா’, எதிரணிக்கு ‘எ’), D-யில் ரைடரின் ஜெர்சி எண். E-யில் ரைடு தொடங்கும்போது நம் அணியில் மேட்டில் இருந்தவர்கள், F-ல் எதிரணியில் இருந்தவர்கள். G தொடுபுள்ளி, H போனஸ், I பிடிபுள்ளி, J சூப்பர் டேக்கிளுக்குக் கிடைக்கும் கூடுதல் ஒரு புள்ளி. K-யில் லோனா எடுத்த அணி, L-ல் டெக்னிக்கல் புள்ளி வாங்கிய அணி. கடைசிப் பத்தி M குறிப்புக்கு.

E-யும் F-ம்தான் இந்தத் தாளின் உயிர். பலர் புள்ளிகளை மட்டும் எண்ணிவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஏழு பேர் நிற்கும்போது விட்ட பிடியும் மூன்று பேர் நிற்கும்போது விட்ட பிடியும் ஒன்றல்ல. மூன்று அல்லது அதற்குக் குறைவானவர்கள் பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. ஆறு பேராவது நின்றால்தான் எதிர் ரைடருக்கு போனஸ் உண்டு. ஆக, மேட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ரைடரும் தடுப்பவர்களும் செய்ய வேண்டியதே மாறிவிடுகிறது. அந்த எண் இல்லாத தாளை வைத்துக்கொண்டு யாரையும் ‘ஏன் அப்படிப் போனாய்’ என்று கேட்க முடியாது.

E, F இரண்டையும் வீடியோவில் தலைகளை எண்ணித்தான் எழுத வேண்டும். முந்தைய வரியிலிருந்து கணக்குப் போட்டு நிரப்பக் கூடாது. கணக்கில் வரும் எண்ணும் கண்ணில் தெரியும் எண்ணும் தனித்தனியாக வந்து ஒத்துப்போகும்போதுதான் தாள் சரி என்று நம்பலாம்.

எண்ணத் தொடங்கும் முன் அந்தப் போட்டியின் விதியைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள். சூப்பர் டேக்கிளும், இரண்டு எம்ப்டி ரைடுக்குப் பின் மூன்றாவது ரைடு டூ ஆர் டை என்பதும் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு எங்கும் உள்ள விதியாகத் தோன்றும். ஊர்ப் போட்டிகளில் இதற்கு முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு வேறாக இருக்கலாம்.

இன்னொன்று, புள்ளிப் பத்திகளில் நடுவர் கொடுத்ததை மட்டுமே எழுத வேண்டும். ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டியபோது பின்னங்கால் மேட்டில் இருந்து எழும்பவில்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியலாம். அதைக் குறிப்பில் எழுதுங்கள். H-ல் நடுவர் கொடுத்த 1 அப்படியே இருக்கட்டும். உங்கள் தீர்ப்பைப் புள்ளியில் கலந்தால் கடைசியில் கூட்டல் ஒத்துப்போகாது. பிழை உங்களுடையதா நடுவருடையதா என்று தேடியே நேரம் போய்விடும்.

எட்டு வரிகள்

ஒரு மாதிரி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எட்டு ரைடுகளை எடுத்துக்கொள்வோம். நம் அணி 14, எதிரணி 16. நம் பக்கம் மேட்டில் 2, 4, 5, 7, 8 என்ற எண்காரர்கள். 9-ம் எண்ணும் 3-ம் எண்ணும் அந்த வரிசையில் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரணியில் ஏழு பேரும் உள்ளே. 7-ம் எண்தான் நம் மெயின் ரைடர், 4-ம் எண் ரைட் கார்னர்.

| வரிசை | அணி | ரைடர் | நாம் | எதிரணி | தொடு | போனஸ் | பிடி | கூடுதல் | லோனா | ஸ்கோர் |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| 41 | நா | 7 | 5 | 7 | 0 | 1 | 0 | 0 | | 15-16 |
| 42 | எ | 10 | 5 | 7 | 1 | 0 | 0 | 0 | | 15-17 |
| 43 | நா | 7 | 4 | 7 | 0 | 0 | 1 | 0 | | 15-18 |
| 44 | எ | 10 | 3 | 7 | 0 | 0 | 1 | 1 | | 17-18 |
| 45 | நா | 9 | 4 | 6 | 0 | 0 | 0 | 0 | | 17-18 |
| 46 | எ | 6 | 4 | 6 | 2 | 0 | 0 | 0 | | 17-20 |
| 47 | நா | 9 | 2 | 7 | 0 | 0 | 1 | 0 | | 17-21 |
| 48 | எ | 6 | 1 | 7 | 1 | 0 | 0 | 0 | எ | 17-24 |

வரி 41-ல் 7-ம் எண் போனஸ் எடுத்தார். போனஸ் புள்ளி வெளியே இருப்பவர் யாரையும் உள்ளே கொண்டுவராது. அதனால் அடுத்த வரியிலும் நாம் ஐந்து பேர்தான். 42-ல் எதிரணி ரைடர் வந்ததும் 4-ம் எண் தனியாக ஆங்கிள் ஹோல்டுக்குப் பாய்ந்தார், கால் நழுவியது, நாம் நாலு. 43-ல் 7-ம் எண் பிடிபட்டார், நாம் மூன்று. எதிரணியில் வெளியே யாரும் இல்லாததால் அவர்கள் ஏழாகவே இருக்கிறார்கள்.

44-ல்தான் எண்ணுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். மூன்று பேரில் 2-ம் 5-ம் சேர்ந்து ரைடரை அமுக்கினார்கள். சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. புள்ளி இரண்டாயிற்றே என்று இரண்டு பேரை உள்ளே சேர்த்துவிடுவது வழக்கமான பிழை. அவுட்டானது ஒரு ரைடர். ஆகவே உள்ளே வருவது ஒருவர்தான். முதலில் வெளியே போனவர் முதலில் வருவார் என்பதால் வந்தது 9-ம் எண். இப்போது நாம் நாலு பேர்.

இந்தப் பிழையைச் செய்து, தலையை எண்ணாமல் கணக்காலேயே நிரப்பியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 45-ல் ஐந்து, 46-ல் இருவர் போனபின் மூன்று, 47-ல் ரைடர் பிடிபட்டபின் இரண்டு, 48-ல் ஒருவர் தொடப்பட்டபின்னும் மேட்டில் ஒருவர் மிச்சம் என்று தாள் சொல்லும். வீடியோவிலோ நடுவர் லோனா கொடுக்கிறார். லோனா விழுந்த இடத்தில் உங்கள் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை என்றால், முந்தைய லோனாவுக்கும் இதற்கும் இடையில் எங்கோ தவறியிருக்கிறீர்கள். முதலில் போனஸ் வரிகளையும் சூப்பர் டேக்கிள் வரிகளையும் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இதைவிட எளிய சோதனை C பத்தியில் இருக்கிறது. இரு அணிகளும் மாறி மாறித்தான் ரைடு போகும். ‘நா’வுக்குக் கீழே ‘எ’, ‘எ’வுக்குக் கீழே ‘நா’ என்று பாதி முழுக்க வர வேண்டும். ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் நடுவில் ஒரு ரைடு விடுபட்டிருக்கிறது. அநேகமாக அது எம்ப்டி ரைடாக இருக்கும், ஏனென்றால் புள்ளி விழாத ரைடில் கண் அயர்ந்துவிடுகிறது. அதை விட்டால் டூ ஆர் டை ரைடு எது என்ற கணக்கும் கெட்டுப்போகும்.

கடைசியில் நம் அணியின் மொத்தப் புள்ளி, ஸ்கோர் ஷீட்டோடு ஒத்துப்போக வேண்டும்:

```
=SUMIFS(G:G,C:C,"நா")+SUMIFS(H:H,C:C,"நா")
+SUMIFS(I:I,C:C,"எ")+SUMIFS(J:J,C:C,"எ")
+2*COUNTIF(K:K,"நா")+COUNTIF(L:L,"நா")
```

நம் ரைடில் கிடைக்கும் தொடுபுள்ளியும் போனஸும் நமக்கு, எதிரணி ரைடில் கிடைக்கும் பிடிபுள்ளியும் கூடுதலும் நமக்கு, லோனாவுக்கு இரண்டு. இதில் ‘நா’, ‘எ’ இரண்டையும் இடம் மாற்றினால் எதிரணியின் மொத்தம் கிடைக்கும். மேலே உள்ள எட்டு வரிகளில் நமக்கு 3, அவர்களுக்கு 8 வருகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு முழு ஆட்டத்துக்குப் போங்கள். கூட்டல் ஒன்றிரண்டு குறைந்தால், ஒரே ரைடில் இரு அணிக்கும் புள்ளி விழுந்த வரிகளைத் தேடுங்கள். ரைடர் போனஸ் எடுத்துவிட்டுப் பிடிபட்டால் அந்த வரியில் போனஸ் 1, பிடி 1 இரண்டும் இருக்க வேண்டும். மேட்டில் விழுந்து கிடக்கும் ரைடரைப் பார்த்ததும் போனஸ் மறந்துபோகும்.

பிடியை எண்ணுவது

புள்ளி ஒத்துப்போய்விட்டால் முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்று கடினமானது. ‘டேக்கிள் முயற்சி’ என்று எதைச் சொல்வது? ரைடர் நம் ஆள் ஒருவரைத் தொட்டுவிட்டுப் போனால், அது அவர் பிடிக்கப் போய்க் கொடுத்த புள்ளியா, நின்ற இடத்தில் தொட்டுவிட்டுப் போன புள்ளியா? இரண்டும் ஸ்கோரில் ஒரே 1. பயிற்சியில் இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்குப் பாயும் நேரமும் சப்போர்ட்டும் சரியாக வேண்டும். பின்னதற்கு நிற்கும் இடமும் கால் நகர்வும் சரியாக வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் அளவுகோல் இது. தடுப்பவர் தானாக ரைடரை நோக்கி நகர்ந்து உடலைப் பிடிக்கவோ மறிக்கவோ முயன்றால் அது முயற்சி. பின்வாங்கும்போதோ நின்றபடியோ கை, கால் பட்டால் அது தொடு. ஒரு ரைடில் எத்தனை பேர் சேர்ந்து பிடித்தாலும் அணிக்கு ஒரே முயற்சி. தொடங்கியவர் யார், சேர்ந்தவர்கள் யார் என்று குறிப்பில் எழுத வேண்டும். ரைடர் கோட்டுக்கு வெளியே காலை வைத்து அவுட்டானாலும், டூ ஆர் டையில் வெறுங்கையோடு திரும்பி அவுட்டானாலும் I பத்தியில் 1 வரும், ஆனால் அது டேக்கிள் அல்ல. அந்த வரிகளில் குறிப்பாக ‘தானே அவுட்’ என்று போடாவிட்டால் உங்கள் அணி பிடிக்காத பிடியெல்லாம் பிடித்ததாகக் கணக்கு ஏறிவிடும்.

நம் எட்டு வரிகளில் எதிரணி நாலு முறை ரைடு வந்தது. 42-ல் 4-ம் எண் தனியாகப் பாய்ந்தது முயற்சி, தோல்வி. 44 முயற்சி, வெற்றி. தொடங்கியது 2, சேர்ந்தது 5. 46-ல் 2-ம் எண் தை ஹோல்டுக்குப் போனார். செயினாகச் சேர ஓடிவந்த 8-ம் எண்ணையும் தட்டிவிட்டு ரைடர் போய்விட்டார். இரண்டு புள்ளி, ஆனால் அணிக்கு ஒரு முயற்சிதான். 48-ல் தனியாக நின்ற 5-ம் எண்ணை ஓடியபடியே கையால் தொட்டார்கள். அது முயற்சியே இல்லை. ஆக மூன்று முயற்சி, ஒரு வெற்றி.

இதை 33 சதவீதம் என்று எழுதிக் காட்டாதீர்கள். ஓர் ஆட்டத்தில் ஒரு கார்னர் நாலைந்து முறைதான் பாய்வார். அதில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சதவீதம் தலைகீழாகிவிடும். ‘ஐந்தில் இரண்டு’ என்று எண்ணாகவே எழுதினால் ஆட்டக்காரருக்கும் புரியும், அநியாயமும் இருக்காது. பல ஆட்டங்களின் தாள்கள் சேர்ந்த பிறகு சதவீதம் போடலாம். அப்போதும் ஆறு, ஏழு பேர் நின்றபோது ஒன்று, மூன்றும் அதற்குக் கீழும் நின்றபோது ஒன்று என்று பிரித்துத்தான் போட வேண்டும்.

ரைடரின் கணக்கு

2014-ல் புரோ கபடி லீக் வந்த பிறகு, ஓர் ஆட்டத்தில் பத்து ரைடு புள்ளி எடுத்தால் சூப்பர் 10 என்று சொல்லும் பழக்கம் ஊர் அணிகள் வரை பரவிவிட்டது. பார்வையாளருக்கு அது நல்ல அடையாளம். மறுபார்வைக்கு அந்தப் பத்தை உடைத்துப் பார்க்க வேண்டும். ஏழு போனஸும் மூன்று தொடுபுள்ளியும் எடுத்தவரும் பத்துதான். பத்தும் தொட்டே எடுத்தவரும் பத்துதான். முன்னவரால் வெளியே இருந்து உள்ளே வந்திருக்கக்கூடியவர் மூன்று பேர். பின்னவரால் பத்து பேர் வரை வந்திருக்கலாம், எதிரணியிலும் அத்தனை பேர் வெளியே போயிருப்பார்கள். முழு அணியாக நின்று ஆடும்போது போனஸ் அருமையான புள்ளி. நாலு பேராகச் சுருங்கிப்போன நேரத்தில் எடுக்கும் போனஸ், ஸ்கோரை ஏற்றினாலும் லோனாவைத் தள்ளிப்போடுவதில்லை. ஆகவே ரைடரின் போனஸை எண்ணும்போது E பத்தியையும் சேர்த்தே வாசியுங்கள்.

அடுத்தது, மெயின் ரைடர் வெளியே உட்கார்ந்திருந்த ரைடுகள். நம் எடுத்துக்காட்டில் 7-ம் எண் 43-ல் வெளியே போனார். வரிசைப்படி அவருக்கு முன்னால் 9, 3, 4 என்று மூன்று பேர் காத்திருந்தார்கள். 44-ல் ஒருவர் மட்டுமே உள்ளே வர முடிந்தது. 48-ல் லோனா விழுந்து எல்லோரும் உள்ளே வரும்வரை 7-ம் எண் திரும்பவே இல்லை; நம் இரண்டு ரைடுகள் அவர் இல்லாமல் போயின. ஆட்டம் முழுவதற்கும் இந்த எண்ணிக்கையை எடுங்கள். தோற்ற ஆட்டங்களில் மெயின் ரைடர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைவிட, எத்தனை ரைடு அவர் இல்லாமல் போனது என்பது அதிகம் விளக்கும் என்பது என் கருத்து.

பயிற்சியாளர் கையில் கொடுப்பது

எண்பது வரித் தாளை அப்படியே அணியிடம் காட்டக் கூடாது. பயிற்சியாளருக்கு அது முழுதாகப் போகட்டும். அணிக்கு லோனாவில் இருந்து பின்னோக்கி வாசித்து ஒரு தொடரை மட்டும் எடுங்கள். நம் எட்டு வரிகளில் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் 48-ல் 5-ம் எண் அவுட்டானதால் லோனா விழுந்தது போலத் தெரியும். தாளைப் பின்னோக்கி வாசித்தால் கதை வேறு. 5-ம் எண் ஒருவராக நிற்கும்போது செய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அதற்கு முன் 47-ல் இரண்டே பேர் இருக்க, அது டூ ஆர் டையும் இல்லாதபோது, 9-ம் எண் ஏழு பேருக்குள் ஆழமாகப் போனது ஏன் என்று கேட்கலாம். 43-ல் நாலு பேராக இருந்தபோது மெயின் ரைடரையே அனுப்பியது சரியா என்று கேட்கலாம். 42-ல் ஐந்து பேர் நிற்கையில், கவர் இன்னும் நகராதபோதே கார்னர் தனியாகப் பாய்ந்தது அதற்கெல்லாம் முன்னால் நிற்கிறது.

இந்தக் கேள்விகளுக்குத் தாள் பதில் சொல்லாது. 42-ஐ வீடியோவில் போட்டு 4-ம் எண்ணிடமே கேளுங்கள். “தம்பி, நீ பாயும்போது கவர் எங்கே நிக்கிறான்னு பாத்தியா?” என்று பயிற்சியாளர் கேட்கும்போது, “கவர் கண்ணைக் காட்டினான்ணே, வந்துருவான்னுதான் போனேன்” என்று பதில் வரலாம். அப்படி வந்தால் பிழை கார்னரிடம் இல்லை. இருவருக்கும் இடையிலான சைகையில் இருக்கிறது. அதை எந்தப் பத்தியிலும் எண்ண முடியாது.

காட்டும் துண்டுகள் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குச் சில வினாடி முன்பே தொடங்கட்டும்; தடுப்பவர்கள் எப்படி நின்றார்கள் என்பது அப்போதுதான் தெரியும். கோப்பின் பெயரில் வரிசை எண்ணையும் ஆட்கள் எண்ணிக்கையையும் போட்டுவிடுங்கள்: `42_5-7.mp4`. தோற்ற பிடிகள் மூன்று காட்டினால் அதே ஆட்களின் வெற்றிபெற்ற பிடி ஒன்றாவது சேர்த்துக் காட்டுங்கள். நம் ஆட்டத்தில் அது 44: 2-ம் எண் காலைப் பிடித்த அதே நொடியில் 5-ம் எண் நகர்ந்துவிட்டார். 42-ல் 4-ம் எண் பாய்ந்த ஃபிரேமையும் 44-ல் 2-ம் எண் பாய்ந்த ஃபிரேமையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டினால், துணைக்கு வர வேண்டியவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதை ஆட்டக்காரர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.